ரத்தம் நிறுத்தப்பட்ட நேரம் 11.33

“11.10: ரத்தம் ஏற்றும் முன் காய்ச்சல் 98.4, நாடித்துடிப்பு 84, ரத்த அழுத்தம் 110/70, மூச்சு 18, ஆக்ஸிஜன் 99. 11.20: ஒரு பை சிவப்பணு தொடங்கப்பட்டது, நிமிடத்துக்கு 30 சொட்டு. 11.32: ஊசி போட்ட கை எரிவதாகவும், குளிர்வதாகவும், இடுப்பு வலிப்பதாகவும் நோயாளி சொன்னார். 11.33: ரத்தம் நிறுத்தப்பட்டது. பழைய செட் கழற்றப்பட்டு, புதிய செட்டில் நார்மல் சலைன் தொடங்கப்பட்டது. 11.34: டூட்டி டாக்டருக்கு போனில் தெரிவிக்கப்பட்டது. 11.35: காய்ச்சல் 100.8, நாடி 124, அழுத்தம் 86/54, மூச்சு 28, ஆக்ஸிஜன் 95. 11.40: டாக்டர் வந்து பார்த்தார்.”

வார்டில் ஒரு செவிலியர் கேஸ் ஷீட்டில் எழுதும் குறிப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அதுவும் சுருக்கெழுத்துகளோடு. மேலே இருப்பது ஒரு மாதிரிக் குறிப்பு. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் அதிகம் போய், ஹீமோகுளோபின் 6.4-க்கு இறங்கிவிட்ட 34 வயதுப் பெண். அவருடைய ரத்தப் பிரிவு பி பாசிட்டிவ். மாட்டப்பட்ட பை ஏ பாசிட்டிவ். இது தெரியவருவது பிறகுதான். செவிலியர் குழாயை மூடிய அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்தது, ஏதோ சரியில்லை என்பது மட்டும்.

ரத்தம் ஏற்றும்போது உடல் அதை ஏற்காமல் எதிர்ப்புக் காட்டுவதில் பல வகை உண்டு. வெறும் அரிப்பும் தடிப்புமாக வந்து போவது ஒன்று. காய்ச்சலும் நடுக்கமுமாக வந்து, மாத்திரைக்கு அடங்குவது இன்னொன்று. நுரையீரலில் நீர் கோத்து மூச்சை அடைப்பதும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, பிரிவு மாறிய சிவப்பணுக்கள் உடலுக்குள் போய் அங்கேயே உடைவது. முதல் ஐந்து நிமிடத்தில் இவற்றில் எது என்று படுக்கை அருகே நின்று சொல்லிவிட முடியாது. எல்லாமே குளிரில், காய்ச்சலில், பதற்றத்தில்தான் தொடங்குகின்றன. அதனால்தான் வகையை ஆராய்வதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. சொட்டைக் குறைத்துவிட்டுச் சற்று பார்க்கலாம் என்பது இந்த விதிக்குள் வராது. நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறும் அதுதான்.

இந்த அறிகுறிகளை எழுதிவைத்தவர்களில் மிகப் பழையவர், பாரிஸ் நகர மருத்துவர் ழான் பாப்டிஸ்ட் டெனி. 1667-ல் மனநிலை பாதிக்கப்பட்ட ஒருவருக்கு அவர் கன்றுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். இரண்டாவது தடவை ஏற்றியபோது அந்த ஆளுக்குக் கை முழுக்கச் சூடு பரவியது, நாடி எகிறியது, முகமெல்லாம் வியர்த்தது, சிறுநீரகம் இருக்கும் பக்கம் கடும் வலி. பிறகு புகைக்கரி கலந்ததுபோல் கறுத்த சிறுநீர் போனார். இன்றைய செவிலியர் பாடப்புத்தகத்தில் இருக்கும் பட்டியலோடு அந்த விவரிப்பை ஒப்பிட்டால், வரிக்கு வரி பொருந்துகிறது. டெனி நன்றாகக் கவனித்தார்.  ஏன் இப்படி நடக்கிறது என்பது புரிய இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1901-ல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் மனித ரத்தத்தில் பிரிவுகள் இருப்பதைக் காட்டினார். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் காட்டியதை நம் மாதிரி நோயாளியின் உடலுக்குள் வைத்துப் பார்க்கலாம். பி பிரிவுக்காரரின் ரத்தத்தில் ஏ பிரிவு அணுக்களுக்கு எதிரான புரதம் பிறந்த சில மாதங்களிலிருந்தே உருவாகி, எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏ பிரிவுச் சிவப்பணு உள்ளே வந்ததும் அது போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதல் ரத்தத்தில் உள்ள வேறு சில புரதங்களைத் தூண்டிவிட, அவை அணுவின் தோலில் துளை போடுகின்றன. அணு வெடிக்கிறது. உள்ளே இருந்த ஹீமோகுளோபின் ரத்த நீரில் கொட்டுகிறது. அதில் ஒரு பங்கு சிறுநீரகம் வழியே வடிந்து, சிறுநீரைச் சிவப்பாகவோ கறுப்புத் தேநீர் நிறத்திலோ மாற்றுகிறது. இந்தக் கலவரத்தில் வெளிப்படும் பொருள்கள் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் அழுத்தம் சரிகிறது. ரத்தம் உறையும் ஏற்பாடும் குழம்பிப்போய், ஊசி குத்திய இடங்களிலெல்லாம் கசிவு தொடங்கலாம். சிறுநீரகம் நின்றுபோகலாம். இவ்வளவுக்கும் ஒரு முழுப் பை தேவையில்லை.

எவ்வளவு உள்ளே போனது என்பதில்தான் அந்த 11.33 வருகிறது.

ரத்தம் ஏற்றும் செட்டின் உறையில், எத்தனை சொட்டு ஒரு மில்லி என்று அச்சிட்டிருக்கும். இங்கே 20 சொட்டு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 30 சொட்டு என்றால் ஒன்றரை மில்லி. 11.20-ல் தொடங்கி 11.33-ல் நிறுத்தியதால் 13 நிமிடம், சுமார் 20 மில்லி. டாக்டர் வந்து நின்றதும் முதலில் கேட்பது இதைத்தான்: “எவ்வளவு போயிருக்கும் சிஸ்டர்?” 20 மில்லியா, 200 மில்லியா என்பதைப் பொறுத்து, அடுத்த சில மணி நேரம் சிறுநீரகத்தை எந்த அளவு பயத்தோடு கவனிப்பது என்பது மாறும். முதல் 15 நிமிடம் மெதுவாகச் சொட்டவிட்டு, செவிலியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். பிரிவு மாறிய ரத்தம் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த 13 நிமிடக் கணக்கு சரியாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. குழாயில் இருக்கும் சின்ன உருளையை வேறு யாரும் தொட்டிருக்கக் கூடாது. சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று, கூட இருக்கும் உறவினர் அதை மெல்லத் திறந்துவிடுவது நம் வார்டுகளில் நடக்கிற காரியம். அப்புறம் கேஸ் ஷீட்டில் உள்ள 30 சொட்டுக்குப் பொருளே இல்லை.

நிறுத்துவது என்றால் உருளையை மூடுவது மட்டும் அல்ல. பையிலிருந்து ஊசி வரை நீளும் குழாயில் இன்னும் பல மில்லி ரத்தம் நிற்கிறது. அதே குழாயில் சலைனை மாட்டினால், நிற்கும் ரத்தம் முழுவதையும் சலைன் உள்ளே தள்ளிவிடும். ஆகவே கையில் இருக்கும் கேனுலாவில் வைத்தே பழைய செட்டைக் கழற்றி, புதிய செட்டில் நார்மல் சலைனைப் பொருத்த வேண்டும். கேனுலாவை மட்டும் பிடுங்கக் கூடாது. அழுத்தம் 86-க்கு இறங்கிய கையில் மறுபடி நரம்பு தேடுவது லேசில்லை. சலைனுக்குப் பதில் குளுக்கோஸ் கலந்த திரவம் போட்டால் அதுவே சிவப்பணுக்களை உடைக்கும். ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருப்பதால், மிச்சமிருக்கும் ரத்தத்தோடு கலந்து கட்டி விழ வாய்ப்புண்டு. கழற்றிய பையையும் குழாயையும் குப்பையில் போடக் கூடாது. முனையை மூடி, அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். அது ரத்த வங்கிக்குப் போக வேண்டிய பொருள்.

இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள், ஒரே ஜோடிக் கைகளால் நடக்கிறது. அதனால் எழுதுவது பிறகுதான். அனுபவசாலிச் செவிலியர்கள் நேரத்தை உள்ளங்கையிலோ, கையில் கிழித்து ஒட்டியிருக்கும் பிளாஸ்திரித் துண்டிலோ கிறுக்கிக்கொள்வார்கள். சுவர்க் கடிகாரமும் மானிட்டரும் கைபேசியும் மூன்று நேரம் காட்டும் வார்டுகள் உண்டு. எதைப் பார்த்தாலும் சரி, கடைசி வரை அதையே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டருக்குச் சொன்ன நேரம், ரத்தம் நிறுத்தியதற்கு முந்தியதாகத் தாளில் பதிந்துவிடும். பரபரப்பு அடங்கி 12.30-க்கு உட்கார்ந்து எழுதினால், எழுதிய நேரம் 12.30 என்று போட்டுவிட்டு, நடந்தவற்றை அவை நடந்த நேரத்தோடு எழுத வேண்டும். தவறாக எழுதியதை வெள்ளை பூசி மறைக்கக் கூடாது. படிக்கும்படியாக ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து.

குறிப்பின் முதல் வரி, 11.10-ல் எடுத்த அளவுகள், சாதாரணமாகத் தெரிகிறது. நல்ல நிலையில் இருந்த நோயாளியிடம் எடுத்தது. அவசர நேரத்தில் பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். ஆனால் அது இல்லாமல் மற்றவற்றைப் படிக்கவே முடியாது. ரத்தம் ஏற்றிய பிறகு காய்ச்சல் 100.4-க்கு மேல் போவதோடு, தொடங்கும்போது இருந்ததைவிட ஏறக்குறைய 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடியிருந்தால்தான் அதை ரத்தத்தால் வந்த காய்ச்சலாகக் கருதுகிறார்கள். நோய்த்தொற்றோடு ஏற்கெனவே 100-ல் கிடப்பவருக்கு 100.8 வந்தால் அதற்கு அவ்வளவு எடை இல்லை. 98.4-ல் இருந்தவருக்கு அதே 100.8 வந்தால் கதை வேறு. முன் அளவு இல்லையென்றால் இந்த இரண்டு பேரும் தாளில் ஒரே ஆள்தான்.

அழுத்தமும் இப்படியே. வயதான, இதயம் பலவீனமான ஒருவருக்கு வேகமாக ரத்தம் ஏற்றினால், அளவு மிஞ்சி நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சுத் திணறும், அழுத்தம் பெரும்பாலும் ஏறும். ரத்ததானம் செய்தவரின் பிளாஸ்மாவில் உள்ள சில எதிர்ப்புப் புரதங்கள் நுரையீரலைத் தாக்குவது வேறொரு வகை. அதிலும் மூச்சுத் திணறும், ஆனால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கும். முன்னதற்கு நீரை வெளியேற்றும் ஊசி உதவும். பின்னதற்கு அதே ஊசி நிலைமையை மோசமாக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் எழுதிய இரண்டு அழுத்த அளவுகள் டாக்டருக்கு அந்த இடத்தில் வழிகாட்டும்.

அளவுகள் ஏமாற்றும் சந்தர்ப்பமும் உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி எதிர்பார்த்தபடி ஏறாது. முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்திருந்தால் காய்ச்சல் தலைகாட்டத் தாமதமாகும். அறுவை மேசையில் மயக்கத்தில் இருப்பவர் “கை எரியுது” என்று சொல்லவே மாட்டார். அங்கே காரணமில்லாமல் சரியும் அழுத்தம், வெட்டிய இடத்தில் நிற்காத கசிவு, சிறுநீர்ப் பையில் சிவப்பு, இவைதான் துப்பு. விழித்திருப்பவரைப் பொறுத்தவரை கருவிகளைவிட அவர் வாய்தான் முந்திக்கொள்கிறது. நம் மாதிரி நிகழ்வில் மானிட்டர் எதுவும் கத்துவதற்கு முன்பே அந்தப் பெண் சொல்லிவிட்டார்: “சிஸ்டர், என்னமோ பண்ணுது. கை எரியுது.” ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம், குளிரத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிப் போர்வையைப் போர்த்திவிட்டு நகர்ந்திருந்தால், குறிப்பில் 11.33 இருந்திருக்காது. வேறொரு நேரம் இருந்திருக்கும்.

அடுத்து “டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது” என்ற வரி. ஆயிரக்கணக்கான கேஸ் ஷீட்டுகளில் அது அப்படியே, தனியாக, எந்த உதவிக்கும் இல்லாமல் நிற்கும். எந்த டாக்டர்? எத்தனை மணிக்கு? என்ன சொல்லப்பட்டது? அவர் என்ன சொன்னார்? உருப்படியாக எழுதுகிறவர் இப்படி எழுதுவார்: டூட்டி டாக்டரின் பெயர், 11.34, “ரத்தம் தொடங்கி 13 நிமிடத்தில் குளிர், கை எரிச்சல், இடுப்பு வலி, ரத்தத்தை நிறுத்திவிட்டேன், சலைன் ஓடுகிறது, உடனே வந்து பார்க்கவும்” என்று சொல்லப்பட்டது. போனில் டாக்டர் ஏதாவது மருந்து சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டு, அதையும் எழுதுவார். போன் எடுக்கவில்லையென்றால் அதுவும் பதிவாக வேண்டும்: 11.34 அழைப்பு, பதில் இல்லை, 11.36 உதவிப் பேராசிரியருக்கு அழைப்பு. யாரையும் மாட்டிவிடுவதற்கான ஏற்பாடாக இதைச் சிலர் பார்க்கிறார்கள். உண்மையில் இரவு டூட்டிக்கு வரும் அடுத்த செவிலியருக்கும் டாக்டருக்கும், என்ன நடந்தது, என்ன இன்னும் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

11.40-க்கு டாக்டர் வந்ததும் இருவருமாகப் பையை எடுத்து, படுக்கையிலேயே, நோயாளியின் கைப்பட்டையோடு ஒப்பிட்டார்கள். பெயர் ஒன்றே. இனிஷியல் வேறு. மருத்துவமனை எண் வேறு.

குடும்பப் பெயர் வழக்கம் இல்லாத நம் ஊரில் இது எளிதில் நேரும். ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர், நடுவில் ஒற்றை எழுத்து வித்தியாசம். அட்டெண்டர் ரத்த வங்கியிலிருந்து இரண்டு பைகளை ஒன்றாகவே கொண்டுவந்திருந்தார். இரண்டு பேர் சேர்ந்து சரிபார்த்ததாகத் தாளில் கையெழுத்தும் இருந்தது. ஆனால் சரிபார்த்தது செவிலியர் மேசையில். பையைப் படிவத்தோடு ஒப்பிட்டார்களே தவிர, படுக்கையில் இருந்த ஆளோடு ஒப்பிடவில்லை. பையும் படிவமும் ஒன்றுக்கொன்று மிகச் சரியாகவே பொருந்தின. ரத்தம் மாறி ஏற்றப்படும் சம்பவங்களில் பெரும்பங்குக்கு ஆய்வகக் கோளாறு காரணமல்ல. ரத்த மாதிரி எடுக்கும்போதோ, பையை மாட்டும்போதோ ஆள் அடையாளம் தவறுவதுதான் காரணம்.

அப்போதுதான் இன்னொரு ஆபத்து கண்ணில் பட்டது. இவருக்கு வந்தது அவருடைய பை என்றால், இவருடைய பை எங்கே? 11.43-க்கு ரத்த வங்கிக்கு அழைப்பு போனது. இரண்டாவது பை மேசைத் தட்டில் மாட்டத் தயாராக இருந்தது, அது அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டது. பை மாறியது தெரிந்ததும் இன்னொருவருக்கும் மாறியிருக்கலாம் என்று தேடுவது, இந்த நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை அளவுக்கே அவசரம். குறிப்பில் ரத்த வங்கிக்குச் சொன்ன நேரத்துக்குத் தனி வரி இருப்பது அதற்காகத்தான்.

பிறகு சிகிச்சை. சலைன் வேகமாக ஓடியது. ஆக்ஸிஜன் வைக்கப்பட்டது. சிறுநீர்க் குழாய் போட்டதும் வந்த முதல் சிறுநீர் செம்பழுப்பாக இருந்தது. அது ஒரு பாட்டிலில் தனியே எடுக்கப்பட்டது. ரத்தம் ஏறாத மறு கையிலிருந்து புதிதாக ரத்த மாதிரி எடுத்து, பை, குழாய், படிவம் எல்லாம் ரத்த வங்கிக்குப் போயின. அங்கே முதலில் செய்வது வெறும் கண்ணால் பார்ப்பதுதான். ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் சுழற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். பழையதில் மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறம். புதியதில் இளஞ்சிவப்பு என்றால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. அதன்பின் ரத்தப் பிரிவை மறுபடி பார்ப்பார்கள், கூம்ஸ் சோதனை செய்வார்கள். எதிர்ப்புப் புரதம் ஒட்டிய சிவப்பணுக்கள் இருக்கின்றனவா என்பதை அந்தச் சோதனை காட்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே போன வேற்று அணுக்கள் எல்லாமே அதற்குள் உடைந்து தீர்ந்திருந்தால், கூம்ஸ் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும். அந்த மாதிரி நேரத்தில் மாதிரி எடுத்த நேரத்துக்கும் ரத்தம் நிறுத்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் முடிவைப் படிக்க வேண்டியிருக்கும்.

வார்டில் அடுத்த பதிவுகள் கால் மணிக்கு ஒன்றாகத் தொடர்ந்தன: 11.50-க்கு அழுத்தம் 92/60, 12.05-க்கு 100/64. மணிக்கு மணி சிறுநீர் அளவு. 55 கிலோ எடையுள்ள இந்தப் பெண்ணுக்கு மணிக்குச் சுமார் 50 மில்லியாவது போக வேண்டும் என்று டாக்டர் எழுதினார். 20 மில்லியோடு நின்றதால் நிறம் மாலைக்குள் தெளியத் தொடங்கியது.

இந்தக் குறிப்பின் பயணம் கேஸ் ஷீட்டோடு முடிவதில்லை. 2012 டிசம்பர் 10 அன்று தொடங்கப்பட்ட இந்திய ரத்தக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ், இத்தகைய நிகழ்வுகளை ரத்த வங்கி ஒரு படிவத்தில் நிரப்பி, நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் பொருள்கள் நிறுவனத்துக்கு அனுப்பலாம். படிவம் கேட்கும் விவரங்கள் செவிலியர் எழுதியவையே: தொடங்கிய நேரம், அறிகுறி வந்த நேரம், முன்னும் பின்னும் இருந்த அளவுகள். அவை கேஸ் ஷீட்டில் இல்லையென்றால் படிவத்திலும் காலி இடமாகவே போகும்.

சேர்த்துவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பிரிட்டன் ஓர் உதாரணம். அங்கே 1996 முதல் ‘ஷாட்’ என்ற அமைப்பு இவற்றைத் தொகுத்துவருகிறது. ரத்தம் ஏறிய 6 மணி நேரத்துக்குள் நுரையீரல் தாக்கப்பட்ட நிகழ்வுகளை அடுக்கிப் பார்த்தபோது, பல தானங்கள் பெண்களிடமிருந்து வந்திருந்தன. கர்ப்ப காலத்தில் குழந்தையின் அணுக்களுக்கு எதிராகத் தாயின் உடலில் உருவாகும் புரதங்கள் அந்தப் பிளாஸ்மாவில் இருந்தன. 2003-ன் பிற்பகுதியிலிருந்து பிளாஸ்மாவைப் பெரும்பாலும் ஆண் கொடையாளர்களிடமிருந்தே எடுக்கத் தொடங்கினார்கள். அந்த வகை நிகழ்வுகள் வெகுவாகக் குறைந்தன. 6 மணி நேரத்துக்குள் என்ற எல்லையை யாரோ ஒரு செவிலியர் எழுதிய நேரத்தை வைத்துத்தான் அளக்க முடிந்தது.

கடைசியாக, வீட்டுக்குப் போன பிறகு வரும் ஒரு வகையும் உண்டு. ரத்தப் பிரிவு சரியாகவே இருந்தாலும், முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கோ பிள்ளை பெற்றவர்களுக்கோ, வேறு சிறு அடையாளங்களுக்கு எதிரான புரதம் மறைந்து கிடந்து மறுபடி கிளம்பலாம். ஐந்து முதல் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சல், கண்ணில் மஞ்சள், ஏற்றிய ரத்தமே காணாமல் போனதுபோல் ஹீமோகுளோபின் இறக்கம். பக்கத்து கிளினிக்கில் இதை மஞ்சள் காமாலை என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். டிஸ்சார்ஜ் தாளில் எந்தத் தேதியில் எத்தனை பை ஏற்றப்பட்டது என்பது இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டு, அந்த மருத்துவரிடம் அதைக் காட்ட வேண்டும்.